கடைசி வெள்ளி எது, ஐந்தாவது வெள்ளி ஏன் சில மாதங்களில் மட்டும் வருகிறது?

"மாதந்தோறும் கடைசி வெள்ளிக்கிழமை கூட்டம்" என்று முடிவு செய்துவிட்டு, காலண்டரில் நான்காவது வெள்ளியை வட்டமிட்டு வைப்பவர்கள் நிறைய. பெரும்பாலான மாதங்களில் இந்த இரண்டும் ஒரே நாள்தான் என்பதால் பிழை வெளியே தெரியாது. 2026 பிப்ரவரியில் நான்காவது வெள்ளி 27, கடைசி வெள்ளியும் 27. மார்ச்சிலும் அதே 27. ஏப்ரலில் இரண்டும் 24. மூன்று மாதம் எல்லாம் சரியாகப் போகும். மே வந்ததும் நான்காவது வெள்ளி 22 ஆகவும் கடைசி வெள்ளி 29 ஆகவும் பிரிந்துவிடும். பாதிப் பேர் ஒரு வாரம் முன்னதாகவே வந்து நிற்பார்கள்.

ஆகவே முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நான்காவது வெள்ளி என்பது மாதத் தொடக்கத்திலிருந்து எண்ணி வருவது. கடைசி வெள்ளி என்பது மாத முடிவிலிருந்து எண்ணி வருவது. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாக் குழப்பமும் இருக்கிறது.

முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுவது

எந்த மாதமானாலும் அதன் கடைசி ஏழு நாட்களில் ஒவ்வொரு கிழமையும் ஒரே ஒரு முறை வரும். அந்த ஏழு நாட்களுக்குள் வரும் வெள்ளிதான் கடைசி வெள்ளி. 31 நாள் மாதத்தில் அது 25 முதல் 31 வரைக்குள் இருக்கும். 30 நாள் மாதத்தில் 24 முதல் 30 வரை. பிப்ரவரியில் 22 முதல் 28 வரை, லீப் ஆண்டானால் 23 முதல் 29 வரை. நீங்கள் கண்டுபிடித்த தேதி இந்த எல்லைக்கு வெளியே இருந்தால் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

தேதியைக் கண்டுபிடிக்க இரண்டே தகவல் போதும்: மாதத்துக்கு எத்தனை நாள், அந்தக் கடைசி நாள் என்ன கிழமை. கடைசி நாளே வெள்ளியாக இருந்தால் வேலை முடிந்தது. சனியாக இருந்தால் ஒரு நாள் பின்னால் போக வேண்டும், ஞாயிறு என்றால் இரண்டு நாள், திங்கள் என்றால் மூன்று, செவ்வாய் நான்கு, புதன் ஐந்து, வியாழன் ஆறு. அதாவது வெள்ளி கடந்து எத்தனை நாள் ஆகியிருக்கிறதோ அத்தனை நாளைக் கழிக்கிறோம்.

2026 ஏப்ரலை எடுத்துக்கொள்ளுங்கள். 30 நாள் மாதம், 30ஆம் தேதி வியாழன். வியாழனுக்கு ஆறு நாள் பின்னால் போனால் 24. அதுதான் ஏப்ரலின் கடைசி வெள்ளி. வியாழனைப் பார்த்ததும் "வெள்ளி பக்கத்தில்தானே" என்று தோன்றும். பக்கத்தில்தான், ஆனால் முன்பக்கத்தில். அந்த வெள்ளி மே 1, அடுத்த மாதத்துக்குச் சொந்தமானது.

இதே இடத்தில் இன்னொரு பேச்சுவழக்கும் சிக்கலைக் கொண்டுவரும். சிலர் "மாதத்தின் கடைசி வாரத்து வெள்ளி" என்பார்கள். கடைசி வாரம் என்பதைத் திங்கள் முதல் ஞாயிறு வரை என்று எடுத்தால், 2026 ஏப்ரலின் கடைசி வாரம் 27ஆம் தேதி தொடங்கி மே 3 வரை ஓடுகிறது. அந்த வாரத்து வெள்ளி ஏப்ரலிலேயே இல்லை. அறிவிப்பு எழுதும்போது "கடைசி வாரம்" என்ற சொல்லைத் தவிர்த்து, "மாதத்தின் கடைசி வெள்ளி" என்று எழுதி, பக்கத்திலேயே தேதியையும் போட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

இன்றைக்கு வெள்ளி, இது கடைசி வெள்ளியா என்று மட்டும் தெரிய வேண்டும் என்றால் இன்னும் எளிது. இன்றைய தேதியோடு 7ஐக் கூட்டுங்கள். விடை மாதத்தின் நாள் எண்ணிக்கையைத் தாண்டினால் இதுதான் கடைசி. தாண்டவில்லை என்றால் இன்னொரு வெள்ளி பாக்கி இருக்கிறது. மே 22 வெள்ளி: 22 + 7 = 29. மே மாதத்துக்கு 31 நாள் இருப்பதால் இது கடைசி அல்ல. மே 29: 29 + 7 = 36. தாண்டிவிட்டது, இதுதான் கடைசி.

28 நாள் எல்லோருக்கும் பொது, மீதிதான் வித்தியாசம்

ஐந்தாவது வெள்ளி ஏன் சில மாதங்களில் மட்டும் என்ற கேள்விக்கு விடை, 28 என்ற எண்ணில் இருக்கிறது. 28 நாள் என்பது சரியாக நான்கு வாரம். எந்த மாதமாக இருந்தாலும் 1ஆம் தேதி முதல் 28ஆம் தேதி வரைக்குள் ஒவ்வொரு கிழமையும் நான்கு முறை வந்துவிடும், கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஆக நான்கு வெள்ளி என்பது எல்லா மாதத்துக்கும் உறுதி. ஐந்தாவது வெள்ளி வர வேண்டும் என்றால் அது 28க்குப் பிறகு மிஞ்சும் நாட்களில், அதாவது 29, 30, 31 ஆகிய தேதிகளில் ஒன்றில்தான் வர முடியும்.

சாதாரண பிப்ரவரியில் மிச்சமே இல்லை, அதனால் ஐந்தாவது வெள்ளிக்கு வழியும் இல்லை. லீப் ஆண்டுப் பிப்ரவரியில் ஒரு நாள் மிஞ்சுகிறது. 30 நாள் மாதத்தில் இரண்டு நாள், 31 நாள் மாதத்தில் மூன்று நாள். இந்த மிச்ச நாட்களின் கிழமைகள் புதியவை அல்ல. 29ஆம் தேதிக்கு 1ஆம் தேதியின் கிழமை, 30க்கு 2இன் கிழமை, 31க்கு 3இன் கிழமை. மாதத்தின் முதல் மூன்று நாட்கள்தான் கடைசியில் மீண்டும் தலைகாட்டுகின்றன. எனவே முதல் வெள்ளி 1, 2, 3 ஆகிய தேதிகளில் வந்தால் மட்டுமே ஐந்தாவது வெள்ளிக்கு வாய்ப்பு. முதல் வெள்ளி 4 அல்லது அதற்குப் பிறகு என்றால், ஐந்தாவது வெள்ளி 32ஆம் தேதியிலோ அதற்கு மேலோ விழ வேண்டும். அப்படி ஒரு தேதி இல்லை.

வாய்ப்பு என்றுதான் சொன்னேன், உறுதி என்று சொல்லவில்லை. 2026 ஏப்ரலிலும் ஜூலையிலும் முதல் வெள்ளி ஒரே தேதி, 3. ஏப்ரலில் வெள்ளிகள் 3, 10, 17, 24. அடுத்தது 31. ஏப்ரலுக்கு 30 நாளே இருப்பதால் அந்த வெள்ளி நழுவி மே 1 ஆகிவிடுகிறது. ஜூலையில் 3, 10, 17, 24, 31. மாதம் ஒரு நாள் நீளமாக இருப்பதால் அதே வெள்ளி உள்ளேயே நின்றுவிடுகிறது. தொடக்கம் ஒன்றாக இருந்தும் ஒரே ஒரு நாள் வித்தியாசம் முடிவை மாற்றிவிடுகிறது.

மாதம் பிறக்கும் கிழமையை வைத்தும் இதைச் சொல்லலாம். 31 நாள் மாதம் புதன், வியாழன், வெள்ளி ஆகிய கிழமைகளில் பிறந்தால் ஐந்து வெள்ளி உண்டு. 30 நாள் மாதம் வியாழன் அல்லது வெள்ளியில் பிறக்க வேண்டும். 29 நாள் பிப்ரவரி வெள்ளியன்றே பிறந்தாக வேண்டும். வேறு கிழமைக்கு வேண்டுமானால் அதே முறைதான்: ஐந்தாவது திங்களைத் தேடுகிறவருக்கு 31 நாள் மாதம் சனி, ஞாயிறு, திங்களில் பிறக்க வேண்டும்.

ஓர் ஆண்டில் எத்தனை முறை?

12 மாதங்களுக்குத் தலா நான்கு வெள்ளி என்றால் 48. ஆனால் 365 நாளில் 52 முழு வாரங்களும் ஒரு நாளும் இருப்பதால், ஓர் ஆண்டில் குறைந்தது 52 வெள்ளிகள் உண்டு. மிஞ்சும் நான்கும் நான்கு மாதங்களில் ஐந்தாவது வெள்ளியாக அமர்ந்தாக வேண்டும். 2026இல் அவை ஜனவரி 30, மே 29, ஜூலை 31, அக்டோபர் 30.

சில ஆண்டுகளில் 53 வெள்ளி வரும். சாதாரண ஆண்டு வெள்ளியன்று பிறந்தால் அப்படி நடக்கும், ஏனென்றால் மிஞ்சும் அந்த ஒரு நாளும் வெள்ளிதான். லீப் ஆண்டில் மிஞ்சுவது இரண்டு நாள், எனவே வியாழனில் பிறந்தாலும் வெள்ளியில் பிறந்தாலும் 53 ஆகும். 2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. ஆகவே அந்த ஆண்டில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர், டிசம்பர் என்று ஐந்து மாதங்களுக்கு ஐந்து வெள்ளி. ஆண்டுக்கு நான்கு அல்லது ஐந்து, இதற்குக் கூடவோ குறையவோ வழியில்லை.

நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை கிழமை மாறாமல் அப்படியே திரும்பும். அந்த 400 ஆண்டில் 1,46,097 நாள், அதாவது சரியாக 20,871 வாரம். ஆக 20,871 வெள்ளிகள். மாதங்கள் 4,800. நான்கு நான்காகக் கொடுத்தால் 19,200 தீர்ந்துவிடும், மிச்சம் 1,671. அத்தனை மாதங்களில்தான் ஐந்தாவது வெள்ளி. ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒன்று என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அரிதான ஒன்று அல்ல.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஐந்து வெள்ளி, ஐந்து சனி, ஐந்து ஞாயிறு சேர்ந்து வரும் மாதம் 823 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது தவறு. 31 நாள் மாதம் வெள்ளியன்று பிறந்தால் அவ்வளவுதான், மூன்றும் ஐந்து ஐந்து வந்துவிடும். 2024 மார்ச், 2025 ஆகஸ்ட், 2026 மே, பிறகு 2027இல் ஜனவரியும் அக்டோபரும் அப்படிப்பட்டவை. காலண்டரைப் புரட்டிப் பார்த்தாலே உறுதி செய்துகொள்ளலாம்.

இன்னொன்றும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது: அடுத்தடுத்த இரண்டு மாதங்களில் ஐந்து வெள்ளி வரவே வராது. பத்து வெள்ளிகள் அடங்க வேண்டும் என்றால் முதல் வெள்ளியிலிருந்து பத்தாவது வெள்ளி வரை இரு முனைகளையும் சேர்த்து 64 நாள் தேவை. அடுத்தடுத்த இரண்டு மாதங்கள் சேர்ந்தால் அதிகபட்சம் 62 நாள், அதுவும் ஜூலை–ஆகஸ்ட், டிசம்பர்–ஜனவரி ஜோடிகளில் மட்டும். உங்கள் பட்டியலில் இரண்டு மாதம் தொடர்ந்து ஐந்தாவது வெள்ளி வந்திருந்தால் ஏதோ ஒன்று தவறு.

ஆண்டு முழுவதற்கும் ஒரே ஓட்டத்தில் எழுத

ஒரு மாதத்தின் கடைசி வெள்ளி தெரிந்தால் அடுத்த மாதத்ததைக் காலண்டர் இல்லாமலே எழுதலாம். தெரிந்த தேதியோடு 28ஐக் கூட்டி, அந்த மாதத்தின் நாள் எண்ணிக்கையைக் கழியுங்கள். அடுத்த மாதத்தில் ஒரு வெள்ளி கிடைக்கும். அதோடு 7ஐக் கூட்டினாலும் அடுத்த மாதத்துக்குள்ளேயே இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள், தாண்டினால் அப்படியே விடுங்கள்.

ஏப்ரல் 24இலிருந்து தொடங்குவோம். 24 + 28 = 52, 30ஐக் கழித்தால் 22. மே 22 வெள்ளி. 7 கூட்டினால் 29, மே மாதத்துக்குள் இருக்கிறது, எனவே மே 29. அடுத்து 29 + 28 = 57, மே மாதத்தின் 31ஐக் கழித்தால் 26. 7 கூட்டினால் 33, ஜூனைத் தாண்டுகிறது, எனவே ஜூன் 26. பிறகு 26 + 28 = 54, 30ஐக் கழித்தால் 24. 7 கூட்டினால் 31, ஜூலைக்குள் இருக்கிறது, எனவே ஜூலை 31. அதற்கடுத்து 31 + 28 = 59, 31 போக 28. 7 கூட்டினால் 35, எனவே ஆகஸ்ட் 28. இதில் பெரும்பாலானோர் தடுமாறுவது எந்த மாதத்தின் நாளைக் கழிப்பது என்பதில்தான். கழிக்க வேண்டியது விட்டுப் போகும் மாதத்தின் நாள்கள். 7 கூட்டிய பிறகு ஒப்பிட வேண்டியது வந்து சேரும் மாதத்தின் நாள்கள்.

மேலே 7 கூட்டிய இடங்களைக் கவனியுங்கள். மே, ஜூலை இரண்டும் ஐந்து வெள்ளி மாதங்கள். கடைசி வெள்ளிக்கும் அடுத்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கும் இடைவெளி ஒன்று 28 நாள் அல்லது 35 நாள். வந்து சேரும் மாதத்தில் ஐந்து வெள்ளி இருந்தால் 35. மாதக் கடைசி வெள்ளியில் கொடுக்கல் வாங்கல் செய்கிறவர்களுக்கு இது நேரடியாகக் கையைச் சுடும் விஷயம்: ஏப்ரல் 24க்கும் மே 29க்கும் நடுவே ஐந்து வாரச் செலவு இருக்கிறது, நான்கு வாரமல்ல. "நான்கு வாரத்துக்கு ஒருமுறை" என்று எழுதி வைத்த திட்டம் இந்த இடத்தில்தான் கடைசி வெள்ளியை விட்டு விலகும்.

காலண்டர் வரிசையை நம்பினால்

ஞாயிற்றில் தொடங்கும் காலண்டரில் ஐந்தாவது வரிசையில் இருக்கும் வெள்ளியை ஐந்தாவது வெள்ளி என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. 2026 ஆகஸ்ட் 1 சனிக்கிழமை. முதல் வரிசையில் அந்த ஒரே நாள்தான், வெள்ளிக் கட்டம் காலி. முதல் வெள்ளியான 7 இரண்டாவது வரிசையில் இருக்கும், ஐந்தாவது வரிசையில் இருக்கும் 28 நான்காவது வெள்ளிதான். ஆறாவது வரிசையிலும் 30, 31 என இரண்டு நாள் உண்டு, அவை ஞாயிறும் திங்களும். வரிசைகளை எண்ணாமல், வெள்ளி என்று தலைப்பிட்ட பத்தியில் மேலிருந்து கீழாக எண்களை மட்டும் எண்ணுங்கள். அந்தப் பத்தியில் ஆகக் கீழே இருக்கும் எண்தான் கடைசி வெள்ளி. பழைய, புதிய மாதங்களின் தேதிகளை மங்கலாகக் காட்டும் காலண்டரானால் அவற்றை விட்டுவிட வேண்டும்.

கைபேசி, கணினிக் காலண்டர்களில் நினைவூட்டல் வைக்கும்போது "மாதந்தோறும் நான்காவது வெள்ளி", "மாதந்தோறும் கடைசி வெள்ளி" என்று இரண்டு தேர்வுகள் காட்டப்பட்டால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். காலண்டர் கோப்புகளில் இந்த விதி இப்படி எழுதப்படும்:

```
RRULE:FREQ=MONTHLY;BYDAY=-1FR
```

-1 என்பது முடிவிலிருந்து முதலாவது. இதை `4FR` என்று எழுதினால் எப்போதும் நான்காவது வெள்ளி. `5FR` என்று எழுதினால் ஐந்தாவது வெள்ளி இல்லாத மாதங்களை அது பேசாமல் தாண்டிப் போய்விடும், ஆண்டுக்கு நான்கு அல்லது ஐந்து முறை மட்டுமே நினைவூட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால், வைத்தவர் பல மாதம் கழித்துத்தான் கவனிப்பார்.

எக்செல் போன்ற விரிதாளில் A1 கட்டத்தில் மாதத்தின் ஏதாவது ஒரு தேதி இருந்தால், அந்த மாதத்தின் கடைசி வெள்ளியை இது தரும்:

```
=EOMONTH(A1,0)-MOD(WEEKDAY(EOMONTH(A1,0))+1,7)
```

`EOMONTH` மாதத்தின் கடைசி நாளைத் தருகிறது. `WEEKDAY` ஞாயிற்றை 1 என்றும் சனியை 7 என்றும் எண்ணும், வெள்ளி 6. அதோடு 1ஐக் கூட்டி 7ஆல் வகுத்து மீதியை எடுத்தால் வெள்ளிக்கு 0, சனிக்கு 1, ஞாயிறுக்கு 2, வியாழனுக்கு 6. நாம் கையால் கழித்த அதே எண்கள். விடை ஒரு பெரிய முழு எண்ணாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் சரியாகிவிடும்.

சூத்திரத்தைச் சோதிக்க, எளிதான மாதங்களை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கும் மாதங்களைக் கொடுத்துப் பாருங்கள். 2026 ஏப்ரலுக்கு 24 வர வேண்டும், 2026 ஜூலைக்கு 31. பிறகு 2008 பிப்ரவரியைக் கொடுங்கள். 29 வர வேண்டும், அது ஐந்து வெள்ளி கண்ட பிப்ரவரி. அதுபோன்ற அடுத்த பிப்ரவரி 28 ஆண்டு கழித்து 2036இல் வருகிறது, அதற்கும் 29.